வாய் திறந்துவிட்டாள், பென்சில் இன்னும் தயங்குகிறது: மதிப்பெண் அட்டையில் எழுத வேண்டிய எட்டு வாக்கியம்

இரண்டாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியருக்கு, அரையாண்டு முடிந்ததும் தலைவலி தருவது விடைத்தாள் இல்லை. மதிப்பெண் அட்டையில் கடைசியாக இருக்கும் அந்தச் சின்னக் கட்டம்தான். 'ஆசிரியர் குறிப்பு' என்று அச்சடித்திருப்பார்கள். ரேங்க் போடுவதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகியும், எங்கள் கோத்தகிரிப் பக்கத்துப் பெற்றோர் அதை இன்னும் 'ரேங்க் கார்டு' என்றுதான் கேட்பார்கள். அதில் ஐந்து வரி எழுத இடம் இருக்கும். பொடி எழுத்தாக எழுதினால் ஐம்பது சொல் பிடிக்கும்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு எழுதுவது எளிது. சுத்தமாகப் படிக்காத பிள்ளைக்கு எழுதுவதும் ஒருவகையில் எளிதுதான், சொல்ல வேண்டியது கண்ணுக்கு முன்னால் நிற்கும். கை நடுங்குவது இடையில் இருக்கும் பிள்ளைக்கு எழுதும்போது. ஜூனில் வாயே திறக்காமல் இருந்த ஏழு வயதுப் பெண் இப்போது பேசுகிறாள், சிரிக்கிறாள், பதில் சொல்கிறாள். எழுதச் சொன்னால் மட்டும் மற்றவர்கள் நோட்டை மூடிய பிறகும் இரண்டாவது வரியில் இருக்கிறாள். வந்ததையும் சொல்ல வேண்டும், வராததையும் சொல்ல வேண்டும். வராததைச் சொல்வதால் வந்தது போய்விடவும் கூடாது.

போய்விடும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அப்படி ஒரு பெண்ணுக்கு, 'இப்போது நன்றாகப் பேசுகிறாள். ஆனால் மிகவும் மெதுவாக எழுதுகிறாள். வீட்டில் பயிற்சி தேவை' என்று எழுதிக் கொடுத்தேன். ஜனவரி மூன்றாவது வாரம் அவளுடைய நடுவிரலில், பென்சில் படும் இடத்தில், தோல் கன்றிப் போயிருந்தது. இரவு ஒன்பது மணிவரை தினமும் நான்கு பக்கம் எழுத வைத்திருக்கிறார்கள். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பயிற்சி தேவை என்று எழுதினேனே தவிர, எவ்வளவு, எப்படி என்று நான் எழுதவில்லை. அந்தப் பெண் பிப்ரவரி முழுக்க மறுபடியும் வாய் திறக்காமல், பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் செய்துவரும் முறையை ஒரு பிள்ளையை வைத்தே சொல்கிறேன். யாழினி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேறு. அம்மா தேயிலை பறிக்கப் போகிறார். காலையிலும் மாலையிலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி.

முதலில், பேச்சு எப்படி வந்தது என்று தேதியோடு தேடுங்கள்

'தன்னம்பிக்கை வளர்ந்துள்ளது' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. முப்பது பிள்ளைகளுக்கும் அதையே எழுதலாம். தன்னம்பிக்கை என்று நாம் எதைப் பார்த்துச் சொல்கிறோமோ அதைத்தான் எழுத வேண்டும். அதற்கு டிசம்பரில் உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. ஜூனிலிருந்தே ஒரு அரைக்குயர் நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எப்போதாவது கண்ணில் பட்டதை ஒரு வரி கிறுக்கி வைக்க வேண்டும். தினமும் வேண்டாம், முடியவும் முடியாது. மாதம் ஒரு வரி போதும்.

யாழினியின் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். ஜூன்: பெயர் கூப்பிட்டால் கை மட்டும் தூக்குகிறாள். ஜூலை: பக்கத்துப் பெண் காதில் சொல்கிறாள், அவள் எனக்குச் சொல்கிறாள். செப்டம்பர்: பாத்ரூம் போகணும் என்று தானே எழுந்து வந்து கேட்டாள். அக்டோபர்: மூன்றாம் வகுப்புக்குப் போய்ச் சாக்பீஸ் டப்பா வாங்கி வந்தாள், தனியாக. நவம்பர்: காட்டெருமை.

இந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை வருவது அதிசயமில்லை. அன்று காலை லைன் வீட்டு வாசல்வரை வந்துவிட்டதாம். தாமதமாக வந்த காரணத்தைக் கேட்டபோது, எல்லோர் முன்னாலும் நின்று சொன்னாள். "பெருசு டீச்சர். பாட்டி கதவ சாத்திட்டு அடுப்பையும் அணச்சிட்டாங்க. அது மூச்சு விடறது கேட்டுச்சு." கடைசி வாக்கியத்துக்கு வகுப்பே வாயை மூடிக்கொண்டது. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் பேசியிருப்பாள். ஜூனில் 'உள்ளேன் ஐயா'கூடச் சொல்லாத பெண்.

சரி, இவ்வளவு நன்றாகச் சொல்கிறாளே என்று, அதையே எழுதச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் நோட்டில், 'காட்டெருமை வந்தது. பாட்டி கதவை' என்று இருந்தது. பதினைந்து எழுத்து. சுற்றிலும் ரப்பர் தூள்.

அப்புறம், மெதுவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம் இது. 'மெதுவாக எழுதுகிறாள்' என்பது ஒரு காரணமல்ல, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. கை வலிப்பதால் மெதுவாக இருக்கலாம். கரும்பலகை சரியாகத் தெரியாததால் இருக்கலாம். எழுத்து மறந்துபோவதால் இருக்கலாம். தப்பாகிவிடுமோ என்று நினைப்பதால் இருக்கலாம். எது என்று தெரியாமல் குறிப்பு எழுதினால், வீட்டில் இருப்பவர்கள் நான்கு பக்கம் எழுதத்தான் வைப்பார்கள்.

நான் மூன்று நாளில் மூன்று முறை ஐந்தைந்து நிமிடம் எழுத வைத்துப் பார்ப்பேன். முதல் நாள், மேசை மேலேயே புத்தகத்தை வைத்து அதைப் பார்த்து எழுதுவது. இரண்டாம் நாள், அதே அளவு பாடத்தைக் கரும்பலகையைப் பார்த்து எழுதுவது. மூன்றாம் நாள், எதையும் பார்க்காமல், நேற்று வீட்டில் நடந்ததைச் சொந்தமாக எழுதுவது. வகுப்பு முழுவதுக்கும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். ஒரு பிள்ளையை மட்டும் தனியாக உட்காரவைத்துக் கடிகாரம் பார்த்தால், கூச்சப்படும் பிள்ளை அன்றைக்கு ஒன்றுமே எழுதாது.

பிறகு எழுத்தை எண்ண வேண்டும். 'மலையில் மழை பெய்தது' என்றால் பத்து எழுத்து. 'பெ' என்பதில் கொம்பும் பகரமும் தனித்தனியாக எழுதப்பட்டாலும் ஒன்றாகத்தான் எண்ணுகிறேன், புள்ளி வைத்த எழுத்தையும் ஒன்றாக. நீங்கள் வேறு மாதிரி எண்ணினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எண்ணினால் போதும். கூடவே இன்னொன்றையும் எண்ணுங்கள்: எத்தனை தடவை ரப்பரை எடுத்தாள், அழித்த எழுத்து உண்மையிலேயே தப்பா. இரண்டாவதைத் தெரிந்துகொள்ள அந்த ஐந்து நிமிடம் பிள்ளைக்குப் பின்னால், சற்றுத் தள்ளி நிற்க வேண்டியிருக்கும்.

மலையில் இருப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டிசம்பர் காலையில் முதல் பீரியடில் எந்தப் பிள்ளைக்கும் விரல் மடங்காது. அப்போது அளந்தால் குளிரைத்தான் அளக்கிறோம். காலை இடைவேளைக்குப் பிறகு, வெயில் கொஞ்சம் ஏறியதும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் கை பாதி உள்ளங்கையை மூடியிருந்தால் மடித்துவிடச் சொல்லுங்கள். அடுத்த வருடத்துக்கும் சேர்த்துப் பெரிய அளவில் வாங்கிய ஸ்வெட்டர்தான் எல்லோருக்கும். இன்னொன்று மேகம். ஜன்னல்வரை மேகம் இறங்கி, கரண்டும் போய்விட்டால் கடைசி பெஞ்சுக்குக் கரும்பலகை சாம்பல் நிறமாகத்தான் தெரியும். அந்த நாளில் பலகையைப் பார்த்து எழுதும் சோதனை வேண்டாம்.

யாழினிக்கு வந்த கணக்கு இது. புத்தகம் பார்த்து எழுதியது 48 எழுத்து, பலகை பார்த்து 43, சொந்தமாக எழுதியது 11. சொந்தமாக எழுதிய ஐந்து நிமிடத்தில் ஐந்து தடவை அழித்திருந்தாள். அதில் நான்கு, முதலில் எழுதியதே சரி.

இதை எப்படிப் படிப்பது? புத்தகத்துக்கும் பலகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் கண் பிரச்சினை இருக்க வாய்ப்பு குறைவு. பலகை மட்டும் பாதியாகக் குறைந்திருந்தால் முன் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு, கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொல்லியிருப்பேன். புத்தகம் பார்த்து எழுதுவது வகுப்பில் மற்றவர்களோடு ஒட்டித்தான் இருக்கிறது, கையும் பெரிதாகத் தடுக்கவில்லை. மூன்றும் சேர்ந்தே குறைந்திருந்தால் கையைப் பார்க்க வேண்டும். பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கிறாளா, அடுத்த பக்கத்தில் தடம் விழும் அளவுக்கு அழுத்துகிறாளா, பெஞ்சில் கால் தரையில் படாமல் தொங்குகிறதா, நடுவில் கையை உதறுகிறாளா என்று. இடது கைப் பிள்ளையாக இருந்தால் நோட்டை எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறாள் என்றும் பார்க்கலாம். நாம் வலது கைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த சாய்வே அவளுக்கு இடைஞ்சலாக இருக்கும்.

யாழினிக்கு விழுந்தது மூன்றாவதில். சொந்தமாக எழுதும்போதுதான் நின்றுவிடுகிறாள். இதற்கும் இரண்டு காரணம் இருக்கலாம். எழுத்தே தெரியாமல் நிற்பது ஒன்று. வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளைகளில் சிலர், சொல்லைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளவும் இந்த இடத்தில் நிற்பார்கள். அதை மெதுவு என்று எண்ணவே கூடாது, அவர்கள் இரண்டு வேலை செய்கிறார்கள். இன்னொரு காரணம், தெரிந்தும் நம்பாமல் நிற்பது. சரியான எழுத்தை நான்கு தடவை அழித்த பெண் இரண்டாவது வகை. 'டெ' எழுதுகிறாள், கொம்பு முன்னால் வந்தது சரியா என்று பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறாள், அழிக்கிறாள், அதே 'டெ'யை மறுபடி எழுதுகிறாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூச்சம் போகவில்லை. நாக்கிலிருந்து இறங்கிப் பென்சில் முனைக்கு வந்திருக்கிறது. பேசும்போது தப்பு காற்றோடு போய்விடும், நோட்டில் அது அப்படியே உட்கார்ந்திருக்கும். எல்லா மெதுவான பிள்ளைக்கும் இது பொருந்தாது. இந்தப் பிள்ளைக்குப் பொருந்துகிறது என்பதைச் சொன்னது அந்த ரப்பர் கணக்கு.

குறிப்பைக் கரடாக எழுதுங்கள்

அட்டையில் நேராக எழுதாதீர்கள். தப்பானால் வெள்ளை மை பூச வேண்டியிருக்கும், அந்த வெள்ளைக்கு அடியில் என்ன இருந்தது என்றுதான் பெற்றோர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.

கையில் சாதாரணமாக வருவது இப்படி இருக்கும்:

> யாழினி கூச்ச சுபாவம் உள்ளவள். இப்போது தைரியமாகப் பேசினாலும் எழுதுவதில் மிகவும் மெதுவாக இருக்கிறாள். வேகமாக எழுத வீட்டில் பயிற்சி அளிக்கவும்.

இதில் பொய் எதுவும் இல்லை. இருந்தாலும் மூன்று இடத்தில் இடறுகிறது.

முதலாவது 'கூச்ச சுபாவம்'. சுபாவம் என்றால் கூடவே பிறந்தது, மாறாதது என்று பொருள் வந்துவிடுகிறது. "டீச்சரே எழுதிட்டாங்க பாரு, நீ கூச்சக்காரின்னு" என்று வீட்டில் அதுவே பட்டப்பெயராகும். மாறியிருக்கிறாள் என்று சொல்லவந்த குறிப்பு, மாறாது என்று முத்திரை குத்துகிறது. சொல்லையே விட்டுவிடுங்கள். கையை மட்டும் தூக்கினாள் என்றால் கூச்சம் தானாகவே தெரியும்.

இரண்டாவது 'பேசினாலும்'. ஆங்கில வழிப் பள்ளியிலிருந்து வந்த இளம் ஆசிரியர்கள் 'ஆனால்' போடக்கூடாது என்று எப்படியோ தெரிந்துவைத்திருப்பார்கள், அதற்குப் பதிலாக 'ஆலும்' போட்டுவிடுவார்கள். அது இன்னும் மோசம். தமிழில் கனம் முழுக்க கடைசி வினையில்தான் விழும். 'பேசினாலும் மெதுவாக எழுதுகிறாள்' என்றால், பேசியது வாசலிலேயே நின்றுவிடுகிறது, மெதுவுதான் வீட்டுக்குள் வருகிறது. சத்தமாக ஒரு தடவை படித்துப் பாருங்கள், காதுக்கே தெரியும். நான் இப்போது செய்வது, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டாமல் விட்டுவிடுவது. பேச்சுக்கு ஒரு வாக்கியம், முற்றுப்புள்ளி. எழுத்துக்கு வேறு வாக்கியம். நடுவில் ஆனால், இருந்தாலும், எனினும் எதுவும் வேண்டாம்.

மூன்றாவது 'பயிற்சி அளிக்கவும்'. இதைப் பற்றி முதலிலேயே புலம்பிவிட்டேன். எத்தனை நிமிடம், எத்தனை வரி, எப்போது நிறுத்த வேண்டும் என்று இல்லாத எந்த யோசனையும் தண்டனையாகத்தான் வீடு போய்ச் சேரும். 'வேகமாக' என்ற சொல் இன்னும் ஆபத்து. தப்பு வந்துவிடுமோ என்று நிற்கும் பிள்ளையை வேகமாக எழுதச் சொன்னால் இன்னும் அதிகமாக நிற்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு தவறு உண்டு. மனம் நோகக் கூடாது என்று 'நிதானமாக எழுதுகிறாள்' என்று எழுதிவிடுவது. நிதானம் நம் ஊரில் பாராட்டு. பெற்றோர் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள், மூன்றாம் வகுப்பு ஆசிரியர் ஜூலையில் கூப்பிட்டு அனுப்பும்போது, "போன வருஷ டீச்சர் ஒண்ணும் சொல்லலையே" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 'நேரம் ஆகிறது' என்று நேராகச் சொல்லிவிடலாம், அதில் யாரும் காயப்படுவதில்லை.

எனது இரண்டாவது கரடு எதிர்த் திசையில் ஓடியது. 48, 43, 11 என்று எண்ணெல்லாம் போட்டு, 'தவறு நேரும் என்ற அச்சத்தால் அடிக்கடி அழிக்கிறாள்' என்று காரணமும் விளக்கினேன். நூறு சொல் தாண்டிவிட்டது, கட்டத்தில் கொள்ளாது. அதைவிட, 'அச்சம்' என்ற சொல் உறுத்தியது. இந்த அட்டையை யார் படிக்கப்போகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா படிப்பார். அவர் வருவதற்குள் பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்பு அக்கா பாட்டிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். யாழினி பக்கத்திலேயே நிற்பாள். இரண்டாம் வகுப்புப் பெண், பெரிய சொற்களை எழுத்துக் கூட்டி அவளே படித்தும் விடுவாள். பயப்படுகிறாள் என்று நான்கு பேர் முன்னால் வாசிக்கப்படுவதை அவள் கேட்க வேண்டியதில்லை. காரணத்தை விட்டுவிட்டுச் செயலை மட்டும் சொன்னால் போதும்: சரியாக எழுதியதையும் அழிக்கிறாள். இதில் ஒரு பாராட்டும் ஒளிந்திருக்கிறது, எழுதியது சரி.

கடைசியில் அட்டையில் ஏறியது இது:

> ஜூனில் வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்கிய யாழினி, இப்போது வகுப்பின் முன்னால் நின்று காட்டெருமைக் கதை சொல்கிறாள். சொல்வதை எழுத நேரம் ஆகிறது. சரியாக எழுதியதையும் அழித்து மறுபடி எழுதுவதே காரணம். செப்டம்பரைவிட வேகம் கூடியிருக்கிறது. வகுப்பில் தினமும் பத்து நிமிடம் ரப்பர் இல்லாமல் எழுதுகிறோம். வீட்டில் இரவு அவள் சொல்வதைக் கேளுங்கள். அதில் இரண்டு வரி மட்டும் எழுதட்டும். அழிக்கவும் திருப்பி எழுதவும் வேண்டாம்.

நாற்பத்தெட்டு சொல். ஒவ்வொரு வாக்கியமும் குட்டையாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. யாரோ ஒருவர் வாசிக்க, இன்னொருவர் காதால் கேட்கப் போகும் எழுத்து இது.

'செப்டம்பரைவிட' என்று எழுத எனக்கு ஆதாரம் இருந்தது. காலாண்டுக்கு முன்னால் இதே ஐந்து நிமிடத்தில் சொந்தமாக எழுதியது 6 எழுத்து, இப்போது 11. செப்டம்பரில் நீங்கள் எண்ணாமல் விட்டிருந்தால் இந்த வாக்கியத்தை எழுதாதீர்கள். ஆறுதலுக்காகச் சேர்த்த பொய்யை அடுத்த பருவத்தில் நீங்களே சுமக்க வேண்டியிருக்கும். வேகம் கூடவே இல்லை என்றால் அந்த இடத்தில், எழுதியதில் எது சரியாக இருக்கிறது என்று ஒன்றைத் தேடி எழுதலாம். யாழினி கொம்பையும் காலையும் மாற்றிப் போடுவதே இல்லை, அதை எழுதியிருப்பேன்.

'எழுதுகிறோம்' என்ற சொல்லையும் கவனித்திருப்பீர்கள். வீட்டுக்கு வேலை சொல்வதற்கு முன்னால் பள்ளிக்கூடம் என்ன செய்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டுமானால் செய்திருக்க வேண்டும். அட்டை கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே வகுப்பு முழுவதுக்கும் 'ரப்பர் தூங்கும் நேரம்' என்று பத்து நிமிடம் ஆரம்பித்துவிட்டேன். எல்லா ரப்பரும் என் மேசை மேல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போய்விடும். தப்பு என்று தோன்றினால் மேலே ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகலாம். இரண்டே விதிதான். முதல் நாள் இரண்டு பேர் விரலில் எச்சில் தொட்டு அழிக்கப் பார்த்தார்கள், நோட்டு கிழிந்தது.

எது அட்டையில் ஏறக்கூடாது

பென்சில் பிடி, உட்காரும் விதம், கண் பரிசோதனை, இதெல்லாம் நேரில் சொல்ல வேண்டியவை. அட்டை பல வருடம் பெட்டியில் இருக்கும். பென்சில் பிடி மூன்று மாதத்தில் மாறிவிடும்.

கற்றல் குறைபாடு என்பது போன்ற சொற்களை எக்காரணம் கொண்டும் எழுதாதீர்கள். அதைக் கண்டறியும் தகுதி நமக்கு இல்லை. ஒரு பருவம் முழுக்க இப்படி உதவி செய்தும் கணக்கு நகரவே இல்லை, பார்த்து எழுதுவதிலும் சொந்தமாக எழுதுவதிலும் ஒன்றுபோலத் தேங்கி நிற்கிறது, பேசும்போது தெரிந்த சொல் எழுதும்போது எழுத்து விட்டுப்போய் வருகிறது என்றால், தலைமை ஆசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரை வந்து பார்க்கச் சொல்லலாம். அப்போது உங்கள் அரைக்குயர் நோட்டும் ஐந்து நிமிடக் கணக்கும் அவருக்குப் பெரிய உதவியாக இருக்கும். பெற்றோரிடம் பேசுவதும் அப்போதுதான், தனியாக.

மற்ற பிள்ளையோடு ஒப்பிடுவதும் வேண்டாம். வகுப்பில் பாதிப் பேர் சொந்தமாக இருபது எழுத்தைத் தாண்டினார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும், அவள் பாட்டிக்குத் தெரிய வேண்டியதில்லை.

கையில் கொடுக்கும்போது

ஜனவரியில் பள்ளி திறந்த வாரம் பெற்றோர் கூட்டம். அம்மாவுக்கு அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும், பாட்டிதான் வந்தார். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான், வராத அம்மாவை அக்கறையில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

நானே அட்டையை வாசித்துக் காட்டினேன். பாட்டி கேட்டதும் முதலில் கேட்ட கேள்வி, "அப்ப எழுத்து வராதா டீச்சரம்மா?"

"வருது பாட்டி. நோட்டைப் பாருங்க, இந்த எழுத்து எல்லாம் அவளா எழுதுனது, எல்லாம் சரி. அழிக்காம இருந்தா போதும்."

"எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் எப்பிடிப் பாக்கறது?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் 'சொல்வதைக் கேளுங்கள்' என்று எழுதியிருந்தேன். சரியா தப்பா என்று திருத்துவது பாட்டியின் வேலை இல்லை. பேத்தி அன்றைக்கு நடந்ததைச் சொல்லும்போது அடுப்படியில் உட்கார்ந்து கேட்பதுதான் அவர் வேலை. கேட்டு முடிந்ததும், "இதுல ரெண்டு வரி எழுது சாமி" என்று சொல்லிவிட்டு ரப்பரை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொள்ளலாம். இரண்டு வரி ஆனதும் நோட்டை மூடிவிட வேண்டும், அவளே இன்னும் எழுதுகிறேன் என்றால் தவிர. வாயால் ஒரு தடவை கோத்துச் சொன்ன வாக்கியம் எழுதும்போது கைக்கு எளிதாக வரும். நின்று நின்று யோசிக்கும் நேரம் குறைகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இதற்கு எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை. சொல்லப்போனால் திருத்தத் தெரிந்த அப்பாக்களைவிட மேல்.

யாழினி பெஞ்சு ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காட்டெருமை என்று நான் படித்தபோது பாட்டியை நிமிர்ந்து பார்த்தாள். "அத இதுல எழுதிட்டீங்களா?" என்றாள்.

கொடுப்பதற்கு முன்னால் குறிப்பை அப்படியே அரைக்குயர் நோட்டில் நகல் எடுத்துவையுங்கள். போனில் படம் எடுத்தாலும் சரி. அட்டை கையெழுத்தோடு திரும்பி வருவதற்குள் சில சமயம் பிப்ரவரி ஆகிவிடும், ஏப்ரலில் அடுத்த குறிப்பு எழுதும்போது முன்பு என்ன சொன்னோம் என்று தெரியாமல் முழிக்க வேண்டிவரும். ஏப்ரல் குறிப்பு இதன் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ரப்பர் பற்றி இதில் எழுதிவிட்டு அதில் கையெழுத்து அழகைப் பற்றி எழுதினால், இரண்டு மாதம் முந்தானையில் ரப்பரை முடிந்துவைத்த பாட்டிக்குப் பதில் சொன்னதாக ஆகாது.

ஏப்ரல் முதல் வாரம் மறுபடி எண்ணினேன். சொந்தமாக எழுதியது ஐந்து நிமிடத்தில் 23 எழுத்து. அழித்தது ஒரு தடவை, அது உண்மையிலேயே தப்பு. இன்னமும் வகுப்பில் கடைசியாக நோட்டை மூடுகிற மூன்று பேரில் அவள் ஒருத்திதான். மூன்றாம் பருவத்துக் குறிப்பில், 'எழுத நேரம் ஆகிறது' என்ற வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த வாக்கியத்தை மட்டும் மாற்றினேன்: 'தப்பென்று தோன்றினால் கோடு போட்டுவிட்டு மேலே போகிறாள்.'